பந்து விழும் அரை நொடி, வேர் வளையும் எட்டு மணி நேரம்: போன் காமிராவைக் கடிகாரமாக்கிய அனுபவம்

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் போனில் எடுத்துக் காட்டும் ஸ்லோ மோஷன் வீடியோக்களில் பலூன் வெடிக்கும், தண்ணீர் தெறிக்கும், தீக்குச்சி பற்றிக்கொள்ளும். எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் "எவ்வளவு நேரத்தில் நடந்தது?" என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதில் வீடியோவுக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் காட்டத்தான் இரண்டு சோதனைகளை வகுப்பில் தொடர்ந்து செய்து வருகிறேன். ஒன்று, மேலிருந்து விழும் பந்து. இன்னொன்று, படுக்கவைத்த பச்சைப்பயறு முளையின் வேர் கீழ்நோக்கி வளைவது. முதலாவது அரை நொடிக்குள் முடிந்துவிடும். இரண்டாவதற்கு ஒரு இரவு வேண்டும். இரண்டிலும் காமிரா செய்யும் வேலை ஒன்றேதான்: சம இடைவெளியில் படம் எடுப்பது. அந்த இடைவெளி எவ்வளவு என்று நமக்குத் தெரிந்துவிட்டால், போன் ஒரு கடிகாரமாகிவிடுகிறது.

முதலில் ஸ்லோ மோஷன். இப்போது பரவலாக இருக்கும் போன்களில் நொடிக்கு 120 அல்லது 240 பிரேம் எடுக்கும் வசதி உண்டு. 240 என்றால் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே நொடியில் 240-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 4 மில்லி நொடி. அந்த வீடியோ நொடிக்கு 30 பிரேமாக ஓடும்போது எட்டு மடங்கு மெதுவாகத் தெரிகிறது. சில போன்கள் 960 என்றும் போடுகின்றன. அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். அவற்றில் சில அந்த வேகத்தில் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் மட்டுமே படம் எடுக்கும். வேறு சில குறைந்த வேகத்தில் எடுத்துவிட்டு, நடுவில் இருக்க வேண்டிய பிரேம்களைக் கணக்குப் போட்டுத் தானே வரைந்து நிரப்பிவிடும். பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தால் ஒரே படம் இரண்டு முறை வரும், அல்லது பந்தின் ஓரம் இரட்டையாக, பேய் உருவம் மாதிரித் தெரியும். அப்படிப்பட்ட பிரேம்களை வைத்து அளக்கக் கூடாது. நான் 240-லேயே நிறுத்திக்கொள்கிறேன். பந்து விழும் சோதனைக்கு அதுவே தாராளம்.

போன் 240 என்று சொல்கிறது, அது உண்மையா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். இதற்கு எங்கள் வகுப்பில் ஒரு தனி ஊசல் வைத்திருக்கிறோம். நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சுமார் 24.8 சென்டிமீட்டர் இருக்கும்படி தொங்கவிடுகிறோம். இந்த நீளத்துக்கு ஒரு முழு அலைவு ஒரு நொடி எடுக்கும். நீளத்தை மட்டும் நம்பாமல், ஸ்டாப் வாட்ச் வைத்து 60 அலைவுக்கு 60 நொடி ஆகிறதா என்று பார்த்து, நூலைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கப் போகும் சோதனையில், அதே எண்ணை முன்கூட்டியே பயன்படுத்திக் காமிராவைச் சரிபார்த்தால் கணக்கு சுற்றிச் சுற்றி வரும். அதனால்தான் ஸ்டாப் வாட்ச் அவசியம்.

பிறகு ஊசலை ஸ்லோ மோஷனில் எடுத்து, நட்டு நடுக்கோட்டை வலப்பக்கமாகக் கடக்கும் பிரேமிலிருந்து, அடுத்த முறை அதே திசையில் கடக்கும் பிரேம் வரை எண்ணுவோம். 240-ஐ ஒட்டி வந்தால் போன் சொல்வது சரி. இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. சில போன்கள் வீடியோவை 240 பிரேம் வேகத்திலேயே சேமிக்கும், சில போன்கள் எட்டு மடங்கு நீட்டி 30 பிரேம் வீடியோவாகச் சேமிக்கும். திரையில் தெரியும் நொடிக் கணக்கை நம்பினால் குழப்பம்தான். பிரேம்களை எண்ணினால் இரண்டு வகைக்கும் ஒரே விடை வரும்.

எண்ணுவதற்குக் கணினியில் VLC போதும். வீடியோவை நிறுத்திவிட்டு `E` விசையை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். இன்னும் வசதியாக வேண்டும் என்றால் Tracker என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இயற்பியல் ஆசிரியர்களுக்காகவே செய்தது, பிரேம் எண்ணையும் கீழே காட்டும். வீடியோவைப் போனிலிருந்து கணினிக்குக் கேபிள் வழியாக மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும், பிரேம்கள் காணாமல் போகும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்பலாம்.

இனி பந்து. பிங்பாங் பந்து வேண்டாம். அது ஒரு மீட்டர் விழுவதற்குள் காற்றின் தடை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை வந்துவிடும். தெருவில் ஆடும் கார்க் பந்து நல்லது. கனமானது, சிவப்பாக இருப்பதால் வெள்ளைச் சுவரில் தெளிவாகத் தெரியும், அதே ஒரு மீட்டரில் காற்றுத் தடை எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். சுவரில் ஒட்ட ஒரு அளவுகோல் வேண்டும். மர ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகள் வீடியோவில் கரைந்துவிடும். அதனால் வெள்ளைத் தாளை நீளமாக ஒட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு தடித்த கறுப்புப் பட்டை, நடுவில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு மெல்லிய கோடு என்று மார்க்கரால் நாங்களே வரைந்துகொண்டோம். 1.2 மீட்டர் உயரம் ஃபிரேமை நிரப்பினால் ஃபுல் எச்.டி.யில் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கோடுகள் தெளிவாக இருந்தால் இரண்டு மில்லிமீட்டர் வரை நம்பிப் படிக்கலாம்.

போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கச் சொல்கிறேன். உயரம் நிறையக் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெரும்பாலான போன் காமிராக்கள் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. படத்தை வரிவரியாகப் படிக்கின்றன, அந்த வரிகள் படத்தின் நீளப் பக்கத்துக்கு இணையாக ஓடுகின்றன. போனைக் கிடையாகப் பிடித்தால் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நேரம் சற்று வேறுபடும். பந்து கீழே போகப் போக இந்த வேறுபாடும் சேர்ந்துகொண்டே வரும். செங்குத்தாகப் பிடித்தால் வரிகளும் செங்குத்தாகிவிடும். பந்து எந்த உயரத்தில் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே வரிகளில்தான் விழுகிறது, அந்தப் பிழை தானாகவே ஒழிகிறது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பறையில் எடுத்த ஸ்லோ மோஷன் பெரும்பாலும் கெடுவது இதனால்தான். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடுகிறது. விளக்கு அதில் நொடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 240 பிரேமில் எடுக்கும்போது சில பிரேம்கள் விளக்கு பிரகாசமாக இருக்கையிலும் சில மங்கியிருக்கையிலும் விழும். இந்த ஏற்ற இறக்கம் 12 பிரேமுக்குள் ஐந்து முறை வரும், எட்டு மடங்கு மெதுவாக ஓட்டும்போது வீடியோ நொடிக்குப் பன்னிரண்டரை முறை துடிக்கும். பழைய சோக் வைத்த டியூப் லைட்டிலும், மலிவான எல்.இ.டி. பல்புகளிலும் இது நன்றாகத் தெரியும். வீடியோ துடித்தால் காரணம் போன் இல்லை, விளக்கு. வெயிலுக்கு வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. உள்ளேதான் எடுக்க வேண்டும் என்றால் பேட்டரி டார்ச் உதவும்.

வெயில் இன்னொன்றையும் சரிசெய்கிறது. வெளிச்சம் போதவில்லை என்றால் போன் ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டரை முழு இடைவெளியும் திறந்து வைக்கும். விழ ஆரம்பித்து 0.4 நொடி ஆன பந்தின் வேகம் நொடிக்கு சுமார் 3.9 மீட்டர். ஷட்டர் நொடியில் 240-இல் ஒரு பங்கு திறந்திருந்தால் அதற்குள் பந்து 1.6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் பந்து முட்டை வடிவத்தில் இழுபட்டுத் தெரியும். ஓரம் எங்கே என்று படிக்க முடியாது. நல்ல வெயிலில் ஷட்டர் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும், இழுவை நாலு மில்லிமீட்டருக்குள் அடங்கும். பெரும்பாலான போன்களில் ஸ்லோ மோஷனுக்கு ஷட்டரை நாமே அமைக்க முடியாது. வெளிச்சம்தான் நம் கையில் இருக்கும் ஒரே திருகு. எங்கள் பள்ளியில் காலை பத்து மணி வெயில் விழும் ஒரு சுவர் இருக்கிறது, எப்போதும் அங்கேதான் எடுக்கிறோம்.

பந்தை விட்டு, வீடியோ எடுத்து, கணினியில் போட்டதும் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "டீச்சர், பந்தை விட்ட பிரேம் எது?" அருமையான கேள்வி. s = ½gt² என்று பாடத்தில் இருக்கிறது, t-ஐ எங்கிருந்து எண்ணுவது? விரல்கள் சட்டென்று விலகுவதில்லை. விட்ட பிறகும் முதல் 0.02 நொடியில் பந்து இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். அதாவது ஐந்து பிரேம் வரை பந்து அசையாமல் நிற்பது போலவே தெரியும். 0.45 நொடி விழும் சோதனையில் ஐந்து பிரேம் தவறினால் நேரத்தில் நூற்றுக்கு ஐந்து பிழை வரும், நேரம் வர்க்கத்தில் வருவதால் விடையில் கிட்டத்தட்ட பத்து. ஒரு குழு 9 என்றும் இன்னொரு குழு 10.7 என்றும் சொல்வது இதனால்தான்.

இதற்குத் தீர்வு, விட்ட பிரேமைத் தேடுவதையே விட்டுவிடுவது. பந்து தெளிவாக விழ ஆரம்பித்த ஏதாவது ஒரு பிரேமை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 24 பிரேமுக்கு ஒரு முறை, அதாவது 0.1 நொடிக்கு ஒரு முறை, பந்தின் கீழ் ஓரம் அளவுகோலில் எங்கே இருக்கிறது என்று படியுங்கள். ஒரு குழு எடுத்த அளவுகள் சென்டிமீட்டரில் இவை: 5.4, 13.6, 31.5, 59.8, 98.1. ஒவ்வொரு 0.1 நொடியிலும் பந்து கடந்த தூரம்: 8.2, 17.9, 28.3, 38.3. இந்தத் தூரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு கூடுகின்றன என்று பார்த்தால்: 9.7, 10.4, 10.0. சராசரி 10.03. சீராக முடுக்கம் பெறும் பொருளுக்கு இந்தக் கூடுதல் எப்போதும் gT² ஆக இருக்கும். எந்தப் பிரேமில் தொடங்கினாலும் மாறாது. T 0.1 நொடி என்பதால் T² = 0.01. ஆக 10.03 சென்டிமீட்டர் என்பது நொடி வர்க்கத்துக்கு 10.03 மீட்டர்.

சரியாக விட்ட கணத்திலிருந்தே எண்ண முடிந்திருந்தால் தூரங்கள் 4.9, 14.7, 24.5, 34.3 என்று வந்திருக்கும். அதாவது 1, 3, 5, 7 என்ற விகிதம். கலிலியோ சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரத்தை அளந்து கண்ட ஒற்றை எண் வரிசை இதுதான். நேராக விழும் பொருள் அவர் காலத்து அளவுக் கருவிகளுக்கு மிக வேகமானது, அதனால்தான் சாய்தளம் போட்டு அதை மெதுவாக்கினார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சாய்தளத்தின் இடத்தில் 240 பிரேம் இருக்கிறது.

இப்போது 10.03 ஏன் 9.8-ஐ விடக் கூடுதலாக வந்தது? காற்றுத் தடை என்றால் குறைந்திருக்க வேண்டும். இங்கே காரணம் வேறு. பந்து சுவரை உரசக் கூடாது என்பதற்காக அதன் மையம் அளவுகோலுக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. போன் பந்திலிருந்து 2 மீட்டர் தள்ளி இருந்தது. போனுக்கு அருகில் இருப்பது பந்து, சற்றுத் தள்ளி இருப்பது அளவுகோல். அதனால் பந்து 1 மீட்டர் விழுந்தால் அதன் பின்னால் உள்ள அளவுகோலில் 1.025 மீட்டர் கடந்தது போலத் தெரியும். 10.03-ஐ 205-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்கினால் 9.79. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது வகுப்பில் எழுந்த சத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. போனை அரை மீட்டரில் வைத்திருந்தால் இதே பிழை நூற்றுக்குப் பத்தாகியிருக்கும். ஆகவே தள்ளி நின்று, தேவைப்பட்டால் ஜூம் செய்து எடுப்பது எப்போதும் நல்லது. அல்லது பந்து விழும் அதே தளத்தில் அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்தலாம்.

அடுத்து வேர். டைம் லாப்ஸில் பிரச்சினைகள் வேறு மாதிரி. ஸ்லோ மோஷனில் இடைவெளியை போன் தீர்மானிக்கிறது, இங்கே நாம் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: நிகழ்வு எவ்வளவு நேரம், வீடியோவில் ஒரு நொடி நிஜத்தில் எவ்வளவாக இருக்க வேண்டும்?

பச்சைப்பயறு வேர் எங்கள் ஊர் வெப்பத்தில் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. படுக்க வைத்த வேர் கீழே திரும்ப ஒரு இரவு போதும், 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் 480 படம். அவற்றை நொடிக்கு 30 வீதம் ஓட்டினால் 16 நொடி வீடியோ. இதில் எனக்குப் பிடித்த வசதி, வீடியோவின் ஒரு நொடி நிஜத்தில் சரியாக அரை மணி. பிள்ளைகள் வீடியோவைப் பார்த்துக்கொண்டே "நாலாவது நொடி, இரண்டு மணி நேரம்" என்று வாசித்துவிடலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் மூன்று நொடியில் எல்லாம் முடிந்துவிடும். பத்து நொடிக்கு ஒன்று எடுத்தால் கிட்டத்தட்ட மூவாயிரம் படங்கள் சேரும், அடுத்தடுத்த படங்களில் ஒரு மாற்றமும் தெரியாது.

போனில் வரும் டைம் லாப்ஸ் முறை இதற்கு அவ்வளவு பொருந்துவதில்லை. சில ஆண்ட்ராய்டு போன்களில் 60 மடங்கு வரைதான் வேகம் கூட்ட முடியும், எட்டு மணி நேரம் எட்டு நிமிட வீடியோவாக வரும். ஐபோன் வேறு வழியில் போகிறது. எடுக்க எடுக்க இடைவெளியைத் தானே கூட்டிக்கொண்டு, ஒரு இரவையும் அரை நிமிட அளவு வீடியோவாக முடித்துவிடும். அழகாக இருக்கும், ஆனால் இடைவெளி எவ்வளவு என்று நாம் பின்னால்தான் கணக்கிட வேண்டும்: மொத்த நேரத்தை வீடியோவில் உள்ள பிரேம்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நான் ஆண்ட்ராய்டில் Open Camera என்ற இலவச ஆப்பில் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துகிறேன். படங்கள் தனித்தனியாகக் கிடைப்பதால், வேர் சாய்ந்திருக்கும் கோணத்தை அளக்கத் தேவையான படத்தைச் சட்டென்று எடுக்க முடிகிறது.

எந்த ஆப் ஆனாலும் ஃபிரேமின் மூலையில் முள் வைத்த ஒரு சுவர்க் கடிகாரத்தை வைத்துவிடுங்கள். போன் சூடாகி நடுவில் சில படங்களைத் தவறவிட்டால் வேர் திடீரென்று வேகமாக வளைந்தது போலத் தெரியும். கடிகார முள்ளும் அதே இடத்தில் தாவியிருந்தால் காரணம் ஆப் என்று தெரிந்துவிடும். கடிகாரம் சீராக ஓடியிருந்தால் அது நிஜமாகவே வேர் செய்த வேலை.

விதை அமைப்பைச் சொல்கிறேன். பயறை இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி முளைகட்டுங்கள். வேர் ஒரு சென்டிமீட்டர் வந்ததும் நேரான வேர் உள்ளவற்றைப் பொறுக்குங்கள். பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடி ஒன்று, அதே அளவுக்கு ஒரு அட்டை அல்லது பிளாஸ்டிக் தகடு, நடுவில் ஈரத்துணி. துணி வெள்ளையாக இருந்தால் வெள்ளை வேர் தெரியவே தெரியாது. கறுப்பு ரவிக்கைத் துணியைச் சாயம் போகப் பலமுறை துவைத்து மடித்து வைக்கிறேன். பயறைத் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு விரல் தண்ணீர் உள்ள தட்டில் நிறுத்துங்கள். முதலில் வேர் கீழே பார்த்தபடி அரை நாள் விடுங்கள். இப்படி இரண்டு கண்ணாடிகள் தயார் செய்து, படம் எடுக்கத் தொடங்கும்போது ஒன்றை மட்டும் 90 டிகிரி திருப்பி, இரண்டையும் ஒரே ஃபிரேமில் பக்கம் பக்கமாக வையுங்கள். திருப்பாத கண்ணாடியில் வேர் நேராகவே போகும். அது பக்கத்தில் இருந்தால்தான், "எல்லா வேரும் எப்படியும் வளையும்தானே?" என்று கேட்பவருக்குப் பதில் இருக்கும்.

வெளிச்சம் இங்கே இரட்டை வேலை செய்கிறது. செடிகள் வெளிச்சத்துக்கும் வளையும். பக்கவாட்டிலிருந்து விளக்கு போட்டால், வளைந்தது புவியீர்ப்பாலா ஒளியாலா என்று சொல்ல முடியாது. அதனால் எல்.இ.டி. விளக்கைப் போனுக்குச் சற்று மேலேயே, போன் பார்க்கும் திசையிலேயே வைக்கிறேன். அப்போது ஒளியின் இழுப்பு போனை நோக்கியோ விலகியோதான் இருக்கும். நாம் அளக்கும் கீழ்நோக்கிய வளைவில் அது பெரிதாகக் கலக்காது. விளக்கு ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். நெருங்கினால் சூட்டில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து வேர் மறைந்துவிடும். கண்ணாடியில் போனே பிரதிபலித்துத் தெரிந்தால், போனைச் சுற்றிக் கறுப்புச் சார்ட்டில் ஓட்டை போட்டு மாட்டிவிடலாம்.

ஜன்னலை மூடி, அந்த ஒரு விளக்கை மட்டும் இரவு முழுவதும் எரிய விடுங்கள். மாலை வெளிச்சம் கொஞ்சம் கசிந்தாலும் இருட்டும்போது படம் முழுக்கச் சாம்பல் நிறத்துக்கு மாறும். பிறகு எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்ட வேண்டும். ஐபோனில் திரையில் வேரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` என்று வரும். ஆண்ட்ராய்டில் பல போன்களில் இதேபோல் ஒரு பூட்டு உண்டு, Open Camera-வில் எக்ஸ்போஷர் பூட்டுக்குத் தனி பொத்தானே இருக்கிறது. பூட்டாவிட்டால் போன் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஃபோகஸ் தேடும். ஃபோகஸ் மாறும்போது படத்தின் அளவும் இம்மியளவு மாறுகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அது நடந்தால், 16 நொடி வீடியோவில் கண்ணாடி மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும். அதன் நடுவில் ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சியை எப்படி அளப்பது?

போன் சார்ஜரில் இருக்க வேண்டும், விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும், திரை வெளிச்சம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். சூட்டைக் குறைக்க போனின் உறையைக் கழற்றிவிடுகிறேன். 480 படத்துக்கு ஒன்றரை ஜி.பி. இடம் காலியாக இருக்கட்டும். "எப்படிப் போகிறது" என்று பார்க்க நடுவில் போனைத் தொடவே கூடாது. மின்வெட்டு வந்தால் பூட்டிய எக்ஸ்போஷரில் சில படங்கள் கறுப்பாக வரும், அது பரவாயில்லை. அந்தப் படங்களை எடுத்துவிடாமல் அப்படியே விடுங்கள். நீக்கினால் அரை மணி கணக்கு கெட்டுவிடும்.

வீடியோவில் முதல் ஒரு நொடி, அதாவது அரை மணி வரை, திருப்பிய வேர் கிடையாகவே நீள்கிறது. பிறகு நுனிப்பக்கம் மெல்லத் தாழ ஆரம்பிக்கும். எங்கள் வகுப்பறை வெப்பத்தில் நாலாவது மணி அளவில் பாதிக் கோணம் திரும்பியிருந்தது, விடியும்போது கிட்டத்தட்ட நேராகக் கீழே பார்த்தது. படங்களை அரை மணிக்கு ஒன்றாகப் பிரித்து, கணினித் திரையில் பாகைமானியை வைத்துக் கோணத்தை அளந்து வரைபடம் போடலாம். அந்தக் கோடு முதலில் தட்டையாக, நடுவில் செங்குத்தாக, கடைசியில் மறுபடி தட்டையாக வரும். குளிர் மாதங்களில் இதே கோடு வலப்பக்கம் நீண்டுகொண்டு போகும்.

இன்னும் ஒன்றை உற்றுப் பார்க்கச் சொல்வேன். வளைவு நுனியில் நடக்கவில்லை, நுனிக்கு மேலே சில மில்லிமீட்டரில் நடக்கிறது. திருப்புவதற்கு முன்பு வேரின் மேல் மெல்லிய நிப்பால் மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி மை வைத்துவிட்டால், எந்தப் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்று வீடியோவே காட்டும். நுனியை ஒட்டிய முதல் சில புள்ளிகள்தான் விலகும், மேலே உள்ளவை வைத்த இடத்திலேயே நிற்கும். வளைவும் அந்த விலகும் பகுதியில்தான், மேல்பக்கம் கீழ்பக்கத்தைவிட வேகமாக நீள்வதால் வருகிறது. ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் 1898 முதல் 1900 வரை செடிகளின் அசைவுகளை இடைவெளி விட்டுப் படம் பிடித்து ஓட்டிக் காட்டினார். அவர் எடுத்தவற்றில் அவரை இனத்துச் செடி ஒன்றின் வேர் வளைவதும் உண்டு.

வளைவது நுனிக்கு மேலே என்றால், கீழே எது என்று உணர்வது எங்கே? இதை இந்தக் கண்ணாடியிலேயே மூன்றாவது ஒரு பயறை வைத்துப் பார்க்கலாம். திருப்புவதற்குச் சற்று முன், புதிய பிளேடால் வேர் நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரை மட்டும் நறுக்கிவிடுங்கள். பெரியவர் ஒருவர்தான் நறுக்க வேண்டும். மற்ற வேர்களோடு ஒரே ஃபிரேமில் வைத்து எடுங்கள். சரியாக நறுக்கியிருந்தால் அந்த வேர் கொஞ்சம் மெதுவாக என்றாலும் நீண்டுகொண்டே போகும், ஆனால் பக்கத்து வேர் கீழே திரும்பும் நேரத்திலும் கிடையாகவே இருக்கும். வளரவே இல்லை என்றால் அதிகமாக நறுக்கியாயிற்று, வேறு பயறில் இன்னும் குறைவாக நறுக்கிப் பாருங்கள்.